தைராய்டு கோளாறுகள், மருந்துகள், செவிலியர் கவனிக்க வேண்டியவை: இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கான படிப்புக் குறிப்பு

முதலில் டி.எஸ்.எச். பிடிபட வேண்டும். தைராய்டை வேலை வாங்குவதற்காக பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டு சோம்பினால் பிட்யூட்டரி இன்னும் அதட்டும், டி.எஸ்.எச். ஏறும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் டி.எஸ்.எச். இறங்கும். பெரியவர்களுக்கு இயல்பு அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4.0 வரை. லேபுக்கு லேபு சற்று மாறும். முடி கொட்டுகிறதென்று பயோடின் சாப்பிடுபவர்களுக்கு முடிவு தவறாக வரலாம், ரத்தம் எடுக்கும் முன் கேளுங்கள்.

குறைவாகச் சுரந்தால்

அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல், வறண்ட தோல், மெதுவான பல்ஸ், மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு. அயோடின் போதுமான இடங்களில் முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ நோய்.

மருந்து லெவோதைராக்சின். பெரியவர்களுக்கு முழு அளவு கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். எடுத்தவுடன் முழு அளவு கொடுத்தால் இதயத்தின் வேலை திடீரென்று கூடி நெஞ்சுவலி வரலாம். அதனால் இவர்களிடம் பல்ஸ், நெஞ்சுவலி, படபடப்பு மூன்றையும் தினமும் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் அளவு மாற்றியபின் 6 முதல் 8 வாரம் கழித்தே டி.எஸ்.எச். பார்ப்பார்கள். "பத்து நாளாப் போடுறேன், ஒண்ணும் தெரியலையே சிஸ்டர்" என்று வருபவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி, நம் ஊரில் அடிக்கடி நடப்பது. 34 வயதுப் பெண், 100 மைக்ரோகிராம் மாத்திரை, ஒரு நாளும் தவறியதில்லை. டி.எஸ்.எச். 18. அளவைக் கூட்டுவதற்கு முன், "காலையில் எழுந்ததும் என்னென்ன செய்வீங்க, வரிசையா சொல்லுங்கம்மா" என்று கேட்டுப் பாருங்கள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மாத்திரை, அதோடு ரத்தசோகைக்கான இரும்புச் சத்து மாத்திரை. இரண்டுமே லெவோதைராக்சினைக் குடல் உறிஞ்ச விடாது. குறை மாத்திரையில் இல்லை, அது போடப்படும் நேரத்தில்தான் இருக்கிறது. "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டிருந்தால் "போடுறேன்" என்ற பதிலோடு முடிந்திருக்கும்.

சொல்லித்தர வேண்டியது இதுதான்: வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அப்புறம் 30 முதல் 60 நிமிடம் காபிகூட வேண்டாம். இரும்பு, கால்சியம், அமிலம் குறைக்கும் ஆன்டாசிட் மருந்துகளுக்கு 4 மணி நேர இடைவெளி. பாட்டிலைச் சமையலறை ஜன்னல் வெயிலிலோ ஈரத்திலோ வைக்கக் கூடாது. உடம்பு தேறிவிட்டதென்று தானாக நிறுத்தக் கூடாது. கர்ப்பம் என்று தெரிந்ததும் மருந்தைத் தொடர்ந்துகொண்டே உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அளவு கூடும். வார்ஃபரின் போடுபவருக்கு ரத்தக்கசிவு கூடலாம், ஐ.என்.ஆர். பாருங்கள்.

மிக்ஸிடிமா கோமா: உடல் குளிர்ச்சி, மெதுவான பல்ஸ், மெதுவான மூச்சு, மயக்கம். மூச்சுப் பாதைதான் முதல் கவலை. போர்வையால் போர்த்துங்கள். வெந்நீர்ப் பை வேண்டாம், ரத்தக்குழாய் விரிந்து ரத்த அழுத்தம் சரியும். ஸ்டீராய்டை லெவோதைராக்சின் ஊசிக்கு முன்பே கொடுப்பார்கள்.

அதிகமாகச் சுரந்தால்

எடை குறைவு, வியர்வை, கைநடுக்கம், படபடப்பு. பெரும்பாலும் கிரேவ்ஸ் நோய். அதில் சிலருக்குக் கண் பிதுங்கும்.

மருந்து கார்பிமசோல். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் புரோப்பைல்தையோயுராசில். பின்னது ஈரலைப் பாதிக்கலாம், மஞ்சள் காமாலை தெரிகிறதா பாருங்கள். படபடப்புக்கு புரோப்ரனலால். ஆஸ்துமா உண்டா என்று கேட்காமல் அதைக் கொடுக்க வேண்டாம்.

கார்பிமசோல் போடுபவர் தொண்டை வலி, காய்ச்சல் என்று வந்தால் சாதாரண சளி என்று அனுப்பிவிடாதீர்கள். வெள்ளணுக்கள் அறவே குறைந்திருக்கலாம். மருந்தை நிறுத்தி, அன்றே மருத்துவரைப் பார்த்து ரத்த அணு எண்ணிக்கை எடுக்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் அன்று நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

தைராய்டு ஸ்டார்ம் என்றால் கடும் காய்ச்சல், வேகமான பல்ஸ், குழப்பம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் ரத்தத்தில் உள்ள ஹார்மோனைக் கட்டிலிருந்து விடுவித்து நிலைமையை மோசமாக்கும்.

அறுவைக்குப் பின்

தலைப்பக்கம் உயர்த்திய நிலை. கட்டிலருகே சக்ஷன், ட்ரேக்கியாஸ்டமி ட்ரே, கால்சியம் குளுக்கோனேட் தயாராக இருக்க வேண்டும். முன்பக்கக் கட்டு வெள்ளையாக இருப்பதை நம்பாதீர்கள். கையுறை அணிந்த கையைப் பிடரிக்கு அடியில் விட்டுப் பாருங்கள், ரத்தம் அங்கேதான் வழிந்து தேங்கும். கழுத்து இறுக்கம், மூச்சில் சத்தம் என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். முதல் இரண்டு நாளில் உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரமரப்பு வந்தால் கால்சியம் குறைகிறது.

பயிற்சிக் கேள்வி

அறுவை முடிந்த 20 மணி நேரத்தில் நோயாளி, "விரலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்கிறார். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கை முறுக்கிக்கொள்கிறது. என்ன செய்வீர்கள்?

விடை: இது ட்ரூசோ அறிகுறி. மூச்சைப் பாருங்கள், மருத்துவரை அழையுங்கள், கால்சியம் அளவுக்கு ரத்தம் எடுங்கள், ஆணைப்படி கால்சியம் குளுக்கோனேட்டை மானிட்டரைப் பார்த்துக்கொண்டே நரம்பில் மெதுவாகக் கொடுங்கள்.