பாண்டி அண்ணன் அவர்களுக்கு நன்றி: மதுரையில் மூன்று நாள், முழங்கால் வலியுள்ள அம்மாவுடன்

அன்புள்ள பாண்டி அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறையில் உங்கள் இன்னோவாவில் மூன்று நாள் மதுரையைச் சுற்றிப் பார்த்த கோவைக் குடும்பத்தினர் நாங்கள். நானும் என் கணவரும், எங்கள் பிள்ளைகள் இருவரும், என் மாமனாரும், எழுபத்துமூன்று வயதான என் அம்மாவுமாக ஆறு பேர். ஊர் வந்து சேர்ந்த மறுநாளே தொலைபேசியில் நன்றி சொன்னேன் என்றாலும், சொல்ல வேண்டியதில் பாதி அதில் அடங்கவில்லை. நடக்கச் சிரமப்படும் பெரியவர்களை அழைத்துக்கொண்டு மதுரைக்கு வர யோசிக்கும் குடும்பங்களுக்கு நீங்கள் இதைக் காட்டலாம். அவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

ரயில் நிலைய வாசலில் அம்மா வண்டியில் ஏறத் தயங்கி நின்றபோது, பின்பக்கத்திலிருந்து ஒரு சிறிய மரப்பலகை முக்காலியை எடுத்துவந்து படிக்குக் கீழே வைத்தீர்கள். அந்த மூன்று நாளில் எத்தனை இடத்தில் நின்றோமோ அத்தனை இடத்திலும், கதவு திறக்கும் முன்பே அந்த முக்காலி தரையில் இருந்தது. ஒரு தடவைகூட நாங்கள் கேட்க வேண்டி வரவில்லை. சென்ற ஆண்டு வேறோர் ஊரில் நாங்கள் அமர்த்திய வண்டியில், ஒவ்வொரு முறையும் அம்மாவை இருவர் தூக்கிவிட வேண்டியிருந்தது. அந்தக் கூச்சத்தாலேயே அவர் பாதி இடங்களில் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மதுரையில் அவர் இறங்காத இடம் என்று ஒன்றுமில்லை.

முதல் நாள் வந்ததும் நேரே மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்றுதான் நாங்கள் சொன்னோம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலையில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நிரம்பியிருக்கும், அம்மாவால் வரிசையில் நிற்க முடியாது, ஆகவே மார்கழி விடியலில் போவதுதான் நல்லது என்று நீங்கள் மாற்றிச் சொன்னீர்கள். அந்த மாற்றத்துக்குள் வேறொரு திட்டமும் இருந்தது என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது. முதலில் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப்போனீர்கள். 1636-இல் கட்டப்பட்ட அந்த மாளிகையின் தூண்களை என் மகன் இரு கை விரித்துக் கட்டிப்பிடிக்கப் பார்த்தான். மாலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் படியில் பிள்ளைகளை உட்கார வைத்து, காலையில் பார்த்த மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் இந்தக் குளமானது என்று ஊரில் சொல்வார்கள் என்றும், தோண்டும்போது பெரிய பிள்ளையார் ஒருவர் கிடைத்தார், அவர் நாளைக்குக் கோயிலுக்குள் உங்களுக்காகக் காத்திருப்பார் என்றும் சொன்னீர்கள். விடிந்ததும் விடியாததுமாகப் பிள்ளைகள் இருவரும் எங்களுக்கு முன்னால் ஓடி, முக்குறுணி விநாயகரைத் தாங்களே கண்டுபிடித்து, தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார்கள். கோயிலுக்குப் போனால் சோர்ந்து உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் அவர்கள். பார்க்கும் இடங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்பதே பாதி விளக்கம் என்று எனக்கு அன்று தெரிந்தது.

கோயிலுக்குள் சிற்பங்களை எடுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல ஏதாவது சொல்வது தப்பு, வேண்டுமானால் அரசு அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் வெளிப்படையாகச் சொன்னதை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். கைப்பேசிகளை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் அனைத்தையும் விடுதியிலேயே வைத்துவிடச் சொன்னதும், சித்திரை வீதிக்குள் வண்டி போகாது என்பதால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதை முதல் நாள் இரவே அம்மாவிடம் சொல்லிவைத்ததும் பெரிய உதவி. திரும்பி வரும் நேரத்தைப் பேசிவைத்திருந்தோம். நாங்கள் இருபது நிமிடம் தாமதமாக வந்தபோதும் நீங்கள் அதே இடத்தில் நின்றிருந்தீர்கள்.

காந்தி அருங்காட்சியகத்துக்குப் போகும் முன், மேலமாசி வீதியில் வண்டியை மெதுவாக்கி, 1921 செப்டம்பரில் காந்தியடிகள் தம் உடையை அரையாடையாக மாற்றிக்கொண்ட வீடு இதுதான் என்று காட்டினீர்கள். சுடப்பட்டபோது அவர் அணிந்திருந்த துணியை அருங்காட்சியகத்தில் கண்ட என் மகள் நெடுநேரம் பேசவில்லை. அந்த வீட்டை முன்பே பார்த்திருந்ததால்தான் அவளுக்கு அந்தத் துணி வெறும் காட்சிப்பொருளாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா சுங்குடிச் சேலை வாங்க வேண்டும் என்றபோது, எந்தக் கடை என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டு மூன்று கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்குங்கள் என்றீர்கள். வண்டிக்காரர் அழைத்துப்போகும் கடையில் விலை ஏறியிருக்கும் என்பதை நாங்கள் முன்பு பட்டு அறிந்தவர்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் துணி சுருங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து அம்மாவே தேர்ந்தெடுத்தார்.

மூன்றாம் நாளைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் சந்தனம் பூசிய கதவின் முன் சூடம் ஏற்றிக் கும்பிட்டுக்கொள்ளப் பத்து நிமிடம் கேட்டீர்கள். எங்களிடம் நீங்கள் கேட்டது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். பிறகு நாங்கள் ஐந்து பேரும் பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் மலையேறியபோது, அம்மாவுக்குத் துணையாகக் கீழே இருந்துவிட்டீர்கள். நாங்கள் இறங்கி வந்து பார்த்தால், கோயில் தோசையைப் பிட்டுச் சாப்பிட்டபடி இருவரும் ஊர்ப்பேச்சில் ஆழ்ந்திருந்தீர்கள். “தங்கச்சி, அம்மா பிறந்த ஊரு இங்க பக்கத்துலதான் இருக்கு, உங்களுக்குத் தெரியுமா?” என்று என்னிடம் கேட்டீர்கள். அதுவரை என்னை மேடம் என்றுதான் அழைத்துவந்தீர்கள்.

மேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு சிற்றூர் என்பதற்குமேல் எனக்கே தெரியாது. அம்மாவுக்குத் திருமணமான சில ஆண்டுகளில் தாத்தா நிலத்தை விற்றுவிட்டு மில் வேலைக்காகக் கோவைக்கே வந்துவிட்டார். அதனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மா அந்த மண்ணை மிதித்ததில்லை. போக வேண்டும் என்று எங்களிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை, உங்களிடம் கேட்டிருக்கிறார். அதே பெயரில் அந்த வட்டாரத்தில் இரண்டு ஊர்கள் இருந்தன. பெரியாற்றுக் கால்வாய்க்கு எந்தப் பக்கம், கண்மாய் மடை எந்தத் திசையில் பார்த்திருக்கும், பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாக நடந்தீர்கள் என்று நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அம்மா மறந்திருந்த பாதைகள் அவர் வாயிலிருந்தே வந்தன. வழியில் இரண்டு தேநீர்க் கடைகளில் இறங்கி விசாரித்தீர்கள். இரண்டாவது கடையில் அமர்ந்திருந்த ஒரு முதியவர் வண்டியருகே வந்து, அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்து, “நீ யாரு மக?” என்று கேட்டார். அம்மா தம் அப்பாவின் பெயரைச் சொன்னதும், அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

வீடு இருந்த இடத்தில் இப்போது வேறொரு மாடி வீடு இருக்கிறது. ஆனால் கண்மாய் மழைநீரால் நிறைந்து அலையடித்துக்கொண்டிருந்தது, கரையில் அய்யனார் கோயிலின் மண்குதிரைகள் நின்றன. அம்மா அவற்றைப் புரவி என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பிள்ளைகள் வண்டியிலேயே கரைமேல் போகலாம் என்று கேட்டபோது, கரை ஈரமாக இருக்கிறது, சக்கரம் சறுக்கும் என்று உறுதியாக மறுத்துவிட்டு, ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் முக்காலியையும் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். மடைக்குப் பக்கத்தில் அதைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தீர்கள். அவர் குனிந்து தண்ணீரை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டார். நீங்கள் சற்றுத் தள்ளிப்போய் நின்றீர்கள், நேரமாகிறது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கட்டணத்தைப் பற்றிப் பிறர் கேட்பார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். நாளொன்றுக்கு 10 மணி நேரம், 100 கிலோமீட்டர், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று புறப்படும் முன்பே பேசி, குறுஞ்செய்தியாகவும் அனுப்பினீர்கள். மூன்றாம் நாள் 14 கிலோமீட்டர் கூடியது. தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் நோட்டில் காட்டி 280 ரூபாய் வாங்கிக்கொண்டீர்கள். வாகன நிறுத்தக் கட்டணத்துக்குச் சீட்டுகள் கொடுத்தீர்கள். வேண்டாம் என்று தள்ளுபடி செய்யாமலும், ஒரு ரூபாய் கூட்டாமலும் கணக்கைக் கணக்காக வைத்ததால் எங்களுக்கு மனத்தில் எந்தக் குறுகுறுப்பும் இல்லை. ஓட்டும்போது ஒருமுறைகூட நீங்கள் கைப்பேசியை எடுக்கவில்லை. நான்குவழிச் சாலையிலும் என் மாமனார் நிம்மதியாகத் தூங்கினார்.

குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மூன்றாவது வரிசை இருக்கைக்கு ஏசி காற்று போதுமான அளவு வரவில்லை. டிசம்பரிலேயே மதியவேளையில் பிள்ளைகளுக்கு வியர்த்தது, கோடையில் அங்கே பெரியவர்களை உட்கார வைக்க முடியாது. நேரில் சொன்னபோது சரிபார்க்கிறேன் என்றீர்கள், அவசியம் பாருங்கள்.

அம்மா அந்தக் கண்மாயைப் பற்றித் தினமும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்கிறார். சேலையில் உங்கள் வீட்டு அண்ணிக்கும் ஒன்று எடுத்திருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டு, இங்கிருந்து ஒரு கோரா காட்டன் சேலையைக் கூரியரில் அனுப்பச் சொன்னார், இந்தக் கடிதம் அதனுடன்தான் வருகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஊருக்குள் வண்டி ஓடாது, வருவதானால் இரண்டு நாள் முன்பே வந்துவிட வேண்டும், மாசியிலேயே சொல்லிவையுங்கள் என்றீர்கள் அல்லவா? இப்போதே சொல்கிறேன். சித்திரைக்கு எங்கள் ஆறு பேரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அழகர் மலைக்குத் திரும்பியபின் ஒருநாளை மேலூர்ப் பக்கத்துக்கென்று தனியாக ஒதுக்கிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை,
அம்மாவும் குடும்பத்தாரும்
கோவை