இறப்புக் கோரிக்கை: முருகேசன் அவர்களின் இரண்டு பாலிசிகள்

இறப்புக் கோரிக்கைப் பிரிவு
ஆயுள் காப்பீட்டுக் கிளை அலுவலகம்
திருநெல்வேலி
18.03.2025

பெறுநர்:
திருமதி மு. செல்வராணி அவர்கள்
பேட்டை, திருநெல்வேலி

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் கணவர் திரு. ப. முருகேசன் அவர்கள் 03.02.2025 அன்று மறைந்த செய்தியைத் தங்கள் தம்பி எழுதிய கடிதத்தால் அறிந்தோம். தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆழ்ந்த இரங்கல். காகிதங்களைத் தேடும் மனநிலை இப்போது இருக்காது என்பதை அறிவோம். கீழே கேட்டிருப்பவற்றைக் கிடைக்கக் கிடைக்க அனுப்பலாம், எல்லாவற்றையும் ஒன்றாகத் தர வேண்டியதில்லை.

எங்கள் பதிவேட்டில் அவர் பெயரில் இரண்டு பாலிசிகள் இருக்கின்றன. இரண்டிலும் தாங்களே நாமினி. முதலாவது 2012-ல் எடுத்த 3 லட்ச ரூபாய் பாலிசி. இரண்டாவது ஜூன் 2023-ல் எடுத்த 5 லட்ச ரூபாய் பாலிசி. தங்கள் தம்பி இரண்டாவதைக் குறிப்பிடவில்லை என்பதால் தங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

இரண்டுக்கும் பொதுவாகத் தேவைப்படுபவை: இத்துடன் உள்ள கோரிக்கைப் படிவமும் தொகை பெறுவதற்கான ரசீதுப் படிவமும், பதிவாளர் வழங்கிய அசல் இறப்புச் சான்றிதழ், தங்கள் ஆதார் மற்றும் பான் அட்டை நகல்கள், தங்கள் பெயரும் கணக்கு எண்ணும் தெரியும் பாஸ்புக் முதல் பக்கத்தின் நகல் அல்லது ரத்து செய்த காசோலை. ரசீதுப் படிவத்தில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டி, அதன் மேல் சாட்சி ஒருவர் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். பான் அட்டை இல்லையென்றால் படிவம் 60 போதும், அதையும் இத்துடன் வைத்திருக்கிறோம். வங்கிக் கணக்கு தங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். தம்பியின் கணக்கிலோ மகனின் கணக்கிலோ செலுத்த இயலாது.

சிறு சிக்கல் ஒன்று இருக்கிறது. 2012 பாலிசியில் தங்கள் பெயர் ‘செல்வி’ என்று பதிவாகியிருக்கிறது. தங்கள் தம்பி அனுப்பிய ஆதார் நகலில் ‘செல்வராணி’ என்றிருக்கிறது. இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வேண்டும். இறப்புச் சான்றிதழ் வாங்கியதும் அதில் தங்கள் கணவரின் பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் சான்றிதழ் தந்த பதிவாளர் அலுவலகத்திலேயே திருத்திக்கொள்ளலாம். எங்களிடம் வந்த பிறகு கண்டுபிடித்தால் நாட்கள் வீணாகும்.

முதல் பாலிசியின் பத்திரத்தை வீட்டில் தேட வேண்டாம். 2021-ல் தங்கள் கணவர் அதன் மேல் 45,000 ரூபாய் கடன் பெற்றிருந்தார், பத்திரம் எங்களிடமே இருக்கிறது. அந்தக் கடனில் நிலுவையில் உள்ள தொகையும் வட்டியும் கழிக்கப்பட்டு, மீதியும் சேர்ந்துள்ள போனஸும் தங்களுக்கு வரும். கணக்கு விவரத்தை எழுத்தில் தருவோம்.

இரண்டாவது பாலிசிக்குக் கூடுதலாகச் சில ஆவணங்கள் தேவை. பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்தால் மருத்துவ விவரங்களைச் சரிபார்ப்பது எல்லாருக்கும் பொதுவான நடைமுறை. தங்கள் மீதோ அவர் மீதோ ஐயம் இருப்பதாகக் கொள்ள வேண்டாம். அசல் பாலிசிப் பத்திரம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் முத்திரைத்தாளில் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், அதன் மாதிரியை எங்களிடம் வாங்கிக்கொள்ளலாம். கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவரின் சான்று, மருத்துவமனையில் சேர்த்த விவரமும் டிஸ்சார்ஜ் சம்மரியும், இறுதிச் சடங்கில் கலந்துகொண்ட உறவினர் அல்லாத ஒருவரின் சான்று, தங்கள் கணவர் பணிபுரிந்த நூற்பாலையிலிருந்து கடந்த மூன்று ஆண்டுகளின் விடுப்பு விவரம் ஆகியவையும் வேண்டும். இவற்றுக்கான படிவங்களை இணைத்திருக்கிறோம். மருத்துவமனை கோப்பைத் தரத் தயங்கினால் சொல்லுங்கள், நாங்களே எழுதிக் கேட்கிறோம்.

இந்தப் பாலிசிக்கான மாதப் பிரீமியம் அவர் மறைந்த பிறகும் பிப்ரவரி 10, மார்ச் 10 ஆகிய தேதிகளில் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு தவணைகளும் திருப்பித் தரப்படும். இனி எடுக்காதபடி நிறுத்திவிட்டோம்.

எல்லா ஆவணங்களும் வந்து சேர்ந்த நாளிலிருந்து முதல் பாலிசியின் தொகை 15 நாட்களுக்குள் வழங்கப்படும். விசாரணை தேவைப்படும் இரண்டாவது பாலிசியில் 45 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படும். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தி வைக்க மாட்டோம், ஆகவே முதல் பாலிசிக்கான ஆவணங்களை முதலில் தாருங்கள். முடிவில் தங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் எங்கள் குறைதீர் அலுவலரிடமும், அதன் பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் கட்டணமின்றி முறையிடலாம்.

இந்தக் கோரிக்கைக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. தொகையை விரைவாக வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது பணமோ ஓடிபியோ கேட்டால் கொடுக்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டு எவரிடமும், எங்கள் முகவராகவே இருந்தாலும், தர வேண்டாம். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10.30 முதல் மாலை 4 மணிக்குள் தரைத்தளத்தில் உள்ள கோரிக்கைப் பிரிவுக்கு வரலாம். வர இயலாத நிலை என்றால் தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள், அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வருவார்.

இப்படிக்கு,
இரா. சுந்தரேசன்
மேலாளர், இறப்புக் கோரிக்கைப் பிரிவு

இணைப்பு: கோரிக்கைப் படிவம், ரசீதுப் படிவம், படிவம் 60, மருத்துவர் சான்று, மருத்துவமனைச் சான்று, இறுதிச் சடங்குச் சான்று, பணியிடச் சான்று