30 நாளில் ஆங்கிலம் பேச வைக்க எனக்குத் தெரியாது

இந்தப் படத்தில் நீங்கள் பார்ப்பது யாங்கோனில் என் வீட்டுக் கூடத்தின் ஒரு மூலை. ஒரு லேப்டாப், கோடு போட்ட நோட்டு, ஹெட்போன், மேசைக்கு அடியில் மின்சாரம் போனால் கைகொடுக்கும் பாட்டரி என்று என் வகுப்பறை இவ்வளவுதான். வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆறு ஆண்டுகளாக இங்கிருந்து இணைய வழியில் ஆங்கிலப் பேச்சு கற்பிக்கிறேன். அதற்கு முன் 14 ஆண்டுகள் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். இங்கிலாந்துக்குப் போனதில்லை, என் பேச்சில் லண்டன் வாடையும் கிடையாது. அதுதான் வேண்டும் என்பவர்கள் என்னிடம் பணம் கட்ட வேண்டாம்.

அந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் மாதத்தில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னால், நான் எதைக் கற்பிக்கிறேன் என்பது விளங்கும். சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தவர் சரக்கின் நிலை என்ன என்று கேட்டார். சரக்குக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்ல நினைத்து, "வீ வெயிட் த கார்கோ" என்றேன். நடுவில் வர வேண்டிய 'ஃபார்' விழுந்துவிட்டது. 'வெயிட்' என்பதன் கடைசி 'ட்' என் வாயிலேயே நின்றுவிட்டது. அவர் காதில் விழுந்தது 'வெய்', அதாவது சரக்கை எடை போடுகிறோம் என்பது. அப்படியானால் எடைச் சீட்டை அனுப்புங்கள் என்றார். இன்னும் வந்து சேராத சரக்குக்கு எடைச் சீட்டைத் தேடி அன்று மாலை வரை நான் பட்ட பாட்டை இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன், அன்று அழுதேன்.

அந்த 'ட்' ஏன் விழுந்தது என்பது எனக்குப் புரியவே சில ஆண்டுகள் ஆயின. பர்மிய மொழியில் சொல்லின் இறுதியில் வரும் வல்லின ஒலி தொண்டையிலேயே அடைத்து நின்றுவிடும். ஆகவே 'லைக்', 'லைட்', 'லைஃப்' மூன்றும் பர்மியப் பேச்சுப் பழக்கத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும். பள்ளியிலும் கடைத்தெருவிலும் பர்மியம் பேசி வளர்ந்த நமக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து தமிழுக்கு மாறினாலோ அதற்கு நேர் எதிராக 'வெயிட்டு', 'லைட்டு' என்று ஓர் உகரத்தை ஒட்டிவிடுகிறோம். ஒரு மொழி கடைசி ஒலியை விழுங்குகிறது, மற்றொன்று அதற்கு வால் வைக்கிறது. ஆங்கிலமோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

நான் இதற்கு வைத்தியம் செய்வது தமிழைக் கொண்டே. முதலில் கூச்சமில்லாமல் 'வெயிட்டு' என்று சொல்லச் சொல்வேன், ஏனென்றால் அப்போதுதான் நாக்கு 'ட்' இருக்கும் இடத்தைத் தொடுகிறது. பிறகு அந்த உகரத்தைக் குறுக்க வேண்டும். கோயில் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் படித்தவர்களிடம் குற்றியலுகரத்தை இன்னும் குறுக்குங்கள் என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். உகரம் முழுவதும் தேய்ந்து 'ட்' மட்டும் மிஞ்சும்போது நிறுத்திக்கொள்ளலாம். ஒருவருக்கு இது இரண்டு வகுப்பில் வந்துவிடுகிறது, இன்னொருவருக்கு இரண்டு மாதம் ஆகிறது. அதில் அறிவுக்கும் வயதுக்கும் பங்கிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இலக்கணத்திலும் நம் இரண்டு மொழிகளும் சும்மா இருப்பதில்லை. பர்மியத்தில் யோசித்து ஆங்கிலம் பேசுகிறவர்கள் முடிந்த செயல் எல்லாவற்றுக்கும் 'ஆல்ரெடி' என்று ஒன்றைச் சேர்த்துவிட்டு, வினைச்சொல்லை அப்படியே விட்டுவிடுவது உண்டு. தமிழ் தெரிந்தவரிடமோ 'அனுப்பினேன்', 'அனுப்பியிருக்கிறேன்' என்ற இரண்டும் முன்பே தனித்தனியாக இருக்கின்றன. முதலாவது 'ஐ சென்ட்', இரண்டாவது 'ஐ ஹேவ் சென்ட்' என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி கொஞ்சம் கடினம். தமிழில் 'நேற்று அனுப்பியிருக்கிறேன்' என்பது குற்றமில்லை, ஆனால் ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேவ் சென்ட்' அங்கே நிற்காது.

இனி நாள் கணக்கைப் பேசுவோம். கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளை நடத்துகிறவர்கள் தரும் வழிகாட்டலின்படி, தொடக்கத்திலிருந்து, எளிய அன்றாடப் பேச்சுக்கான ஏ2 நிலையை எட்ட ஏறத்தாழ 180 முதல் 200 மணி நேரமும், அதற்கடுத்த பி1 நிலையை எட்ட மொத்தம் 350 முதல் 400 மணி நேரமும் ஆசிரியர் துணையோடு படிக்க வேண்டும். என் தவணை ஒன்று மூன்று மாதம்; வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 24 மணி நேரம் வரும். 24 மணி நேரத்தில் ஒருவரை ஒரு முழு நிலை மேலே ஏற்ற என்னால் முடியாது. முடியும் என்று சொல்லும் விளம்பரத்தை நம்பி நானே ஒரு காலத்தில் பணம் கட்டி, 50 வாக்கியங்கள் அச்சடித்த ஒரு தாளோடு திரும்பியிருக்கிறேன். ஆனால் அந்த 24 மணி நேரத்தில் ஒரு குறிப்பிட்ட வேலையைப் பழகிவிடலாம்: வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பை எடுத்துப் பேசுவது, மேலாளரிடம் ஐந்து நிமிடம் நிலவரம் சொல்வது, நேர்முகத்தில் முந்தைய வேலையைப் பற்றி விவரிப்பது போன்ற ஏதேனும் ஒன்று. எது வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். அதை முதல் நாள் நோட்டில் எழுதிவிட்டு, கடைசி நாள் அதையே செய்து பார்ப்போம்.

ஒரு குழுவில் நான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. யாங்கோன் நேரப்படி இரவு 7.30க்கு வகுப்பு, சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு அது இரவு 9 மணி, பணி முடிந்து சாப்பிட்ட பின் உட்காரத் தோதான நேரம். மாதக் கட்டணம் 60,000 கியாட். மின்சாரமோ இணையமோ என் பக்கம் போனால் அந்த வகுப்பை வேறொரு நாள் எடுத்துக்கொடுப்பேன். உங்கள் பக்கம் போனாலும் மாதத்துக்கு இரண்டு முறை வரை அப்படியே, ஏனென்றால் முறை வைத்து மின்சாரம் வரும் ஊரில் அதை மாணவரின் தவறாகக் கணக்கிடுவது நியாயமாகப் படவில்லை. இரண்டு வகுப்புக்குப் பிறகு பிடிக்கவில்லை என்றால் மீதித் தொகையைத் திருப்பிவிடுகிறேன், காரணம் கேட்க மாட்டேன்.

மாணவர்கள் பேசுவதைப் பதிவு செய்து 'முன்பு, பின்பு' என்று இங்கே போடும்படி நண்பர்கள் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். நாற்பது வயதில், மேலாளருக்குத் தெரியாமல், பிள்ளைகள் தூங்கிய பின் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பழகுகிற ஒருவரின் தடுமாற்றத்தை ஊர் பார்க்க வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்தப் பக்கத்தில் யாருடைய குரலும் இராது. ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண்ணுக்காக வருகிறவர்களையும் நான் சேர்ப்பதில்லை. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நான் அந்த வகை அல்ல.

சேர நினைப்பவர்கள் முதலில் பணம் அனுப்ப வேண்டாம். என்ன வேலை செய்கிறீர்கள், ஆங்கிலத்தில் எந்த இடத்தில் வாய் அடைத்துக்கொள்கிறது என்பதை இந்தப் பக்கத்தின் மெசேஜில் இரண்டு நிமிடக் குரல்பதிவாக அனுப்புங்கள். தமிழில் பேசினால் போதும், பர்மியம் கலந்தாலும் குற்றமில்லை. பிறகு 20 நிமிடம் கட்டணமின்றி இணைய வழியில் பேசுவோம். அந்தப் பேச்சின் முடிவில் என்னால் உதவ முடியுமா, முடியாதா என்பதை அப்போதே சொல்லிவிடுவேன். அடுத்த தவணையில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. அவை நிரம்பிவிட்டால், அதற்கடுத்த தவணை மூன்று மாதம் கழித்துத்தான் தொடங்கும்.