வடிவமைப்பு அடிப்படை அறிக்கை: வெட்டாற்றங்கரை இரட்டை ஊராட்சிக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், நாளொன்றுக்கு 800 கன மீட்டர்

1. எதற்காக இந்த அறிக்கை

திருவாரூர் மாவட்டத்தில், வெட்டாற்றின் வடகரையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊராட்சிகளுக்கான குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எந்த எண்களை நம்பி, எந்தத் தரநூல்களுக்குக் கட்டுப்பட்டு வடிவமைக்கப்படுகிறது என்பதை இந்த அறிக்கை பதிவு செய்கிறது. வரைபடமும் மதிப்பீடும் இதன் மேல்தான் நிற்கும். இங்குள்ள எண் ஒன்று மாறினால் முதலில் இந்த அறிக்கையைத் திருத்தி ஒப்புதல் வாங்க வேண்டும். அப்புறம்தான் வரைபடத்தில் கை வைக்கலாம்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களுக்கு மட்டும் என்றால் இது எளிமையான நிலையம். ஆறு மணலாகக் கிடக்கும் மாதங்கள்தான் இந்த வடிவமைப்பைத் தீர்மானிக்கின்றன. அதனால் நீர் ஆதாரம் பற்றிய பகுதி மற்றவற்றைவிட நீளமாக இருக்கிறது.

2. மக்கள்தொகையும் தேவையும்

2011 கணக்கெடுப்பின்படி இரண்டு ஊராட்சிகளிலும் சேர்த்து 8,640 பேர். 2025இல் வீடு வீடாக எடுத்த கணக்கில் 9,120 பேர். வேலைக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் இருப்பதால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கிறது. பாதுகாப்புக்காக அதைவிடக் கூடுதலான வளர்ச்சியை எடுத்து 2043இல் 10,400, 2058இல் 11,300 என்று கொண்டிருக்கிறோம்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்ட அளவு. பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடிகள், திருவிழாக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு 40 கன மீட்டர். குழாயில் கசியும் இழப்பு 15 விழுக்காடு, நிலையத்துக்குள்ளேயே கழுவுதலுக்கும் சேற்றோடும் போவது 3 விழுக்காடு. இவற்றைக் கூட்டினால் எடுக்க வேண்டிய கச்சா நீர் 2043இல் 742 கன மீட்டர், 2058இல் 802 கன மீட்டர். 800 என்று நிர்ணயிக்கிறோம். நாளுக்கு 20 மணி நேர ஓட்டம் என்றால் மணிக்கு 40 கன மீட்டர். கட்டுமானம் 30 ஆண்டுகளுக்கும், பம்புகளும் மின்கருவிகளும் 15 ஆண்டுகளுக்கும் கணக்கிடப்படும்.

3. நீர் ஆதாரம்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுகிறது. இடையில் 135 நாட்கள் ஆற்றில் நீர் வராது என்பதே அடிப்படை அனுமானம். தண்ணீர் ஓடும் மாதங்களிலும் முறை வைத்து விடும்போது வெட்டாற்றில் சில நாள் ஓட்டம் நிற்கும். அப்படிப்பட்ட இடைவெளி அதிகபட்சம் 7 நாள் என்று எடுத்துள்ளோம். அதைக் குளம் தாங்கிக்கொள்ளும்.

ஓட்டமுள்ள மாதங்களில் 800 கன மீட்டரும் ஆற்றிலிருந்து. வறண்ட 135 நாட்களுக்கு மூன்று ஆதாரங்கள்:

கிழக்கு ஊராட்சியின் குளம் 3.2 ஹெக்டேர். தூர்வாரிய பிறகு, அடியில் 0.6 மீட்டரை விட்டுவிட்டு, பயன்படும் ஆழம் 2.2 மீட்டர். ஜனவரி கடைசியில் 70,400 கன மீட்டர் இருக்கும். ஆவியாதல் நாளுக்கு 6 மில்லிமீட்டர், கசிவு 2 மில்லிமீட்டர். 135 நாளில் இரண்டும் சேர்ந்து 1.08 மீட்டர், அதாவது 34,560 கன மீட்டரைக் கொண்டுபோய்விடும். பாதிக்குச் சற்றே குறைவான நீர் வெயிலுக்கும் மண்ணுக்கும்! மிச்சம் நாளுக்கு 265 கன மீட்டர்.

ஆற்று மணலில் அமைக்கும் நீர் உறிஞ்சு கிணற்றில் சோதனை ஓட்டம் மணிக்கு 25 கன மீட்டர் காட்டியது. சோதனை நடந்தது மார்ச்சில். மே மாதத்தில் மணலின் நீர்மட்டம் இன்னும் இறங்கும் என்பதால் 18 கன மீட்டரை மட்டும் கணக்கில் எடுத்தோம்: நாளுக்கு 360.

மீதி 175 கன மீட்டர் ஏற்கெனவே உள்ள ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து. இதன் நீர் உப்பு. தனியாகக் கொடுக்க முடியாது, கலந்துதான் கொடுக்கலாம். 2043 வரை தேவை 742தான் என்பதால் அதுவரை 117 கன மீட்டர் எடுத்தாலே போதும்.

தண்ணீர் தாமதமாகத் திறந்தால்? 2019இல் ஆகஸ்ட் 13இல்தான் மேட்டூர் திறந்தது. அது 135 நாளை 197 நாளாக்கிவிடும். குளம் வற்றிய பிறகு கிணறும் ஆழ்குழாயும் சேர்ந்து 535 கன மீட்டர் தரும். இழப்புகளையும் பொதுத் தேவையையும் கழித்தால் 2043இன் மக்களுக்கு ஆளுக்கு 38 லிட்டர் சேரும். அப்போது ஆழ்குழாயின் பங்கு கூடுவதால் கலவையில் உப்பும் கூடும், குளோரைடு லிட்டருக்கு 257 மில்லிகிராம் வரை போகும். இதை நெருக்கடிக்கால அளவாக ஊராட்சிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. கிராமசபையிலும் இதைத் திறந்து சொல்ல வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. குழாய் வந்துவிட்டது, இனி எந்த வருஷமும் கவலையில்லை என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு வறட்சியில் கைவிரிப்பது தவறு.

குளத்தை நிரப்பும் மதகுக்கு நீர்வளத்துறையின் அனுமதி தேவை. சம்பா, தாளடிக்கு முறை வைத்திருக்கும் நாட்களில் குளத்துக்குத் தண்ணீர் திருப்ப மாட்டோம், வடகிழக்குப் பருவமழையில் ஆறு நிறைந்து ஓடும்போது மட்டுமே எடுப்போம் என்பது வடிவமைப்பின் நிபந்தனை. பாசனத்தாரோடு சண்டை போட்டு எந்தக் குடிநீர்த் திட்டமும் இங்கே நிலைக்காது.

4. கச்சா நீரின் தரம்

2024 ஜூன் முதல் 2025 மே வரை மாதந்தோறும் எடுத்த மாதிரிகளில், ஒவ்வோர் ஆதாரத்துக்கும் மோசமான அளவுகள் இவை. கலங்கல் என்.டி.யு. அலகில், மற்றவை லிட்டருக்கு மில்லிகிராமில்.

| தன்மை | ஆறு (வெள்ளம்) | குளம் (மே) | உறிஞ்சு கிணறு | ஆழ்குழாய் |
|---|---|---|---|---|
| கலங்கல் | 350 | 18 | 2 | 1 |
| கரைந்த மொத்த உப்புகள் | 280 | 480 | 610 | 1,680 |
| குளோரைடு | 45 | 80 | 110 | 560 |
| கடினத்தன்மை | 130 | 190 | 260 | 520 |
| காரத்தன்மை | 90 | 170 | 240 | 310 |

மே மாதக் கலவையில் கரைந்த உப்புகள் 801, குளோரைடு 199, கடினத்தன்மை 294 வரும். ஐ.எஸ். 10500:2012இல் கரைந்த உப்புகளுக்கு ஏற்கத்தக்க அளவு 500, மாற்று ஆதாரம் இல்லாத இடத்தில் அனுமதிக்கும் உச்சம் 2,000. குளோரைடுக்கு 250, 1,000. கடினத்தன்மைக்கு 200, 600. ஆக, உப்பும் கடினத்தன்மையும் கோடை மாதங்களில் ஏற்கத்தக்க அளவைத் தாண்டும், ஆனால் உச்சத்துக்குள் இருக்கும். குளோரைடு வழக்கமான வறண்ட காலத்தில் முதல் வரம்புக்குள்ளேயே நிற்கும். நிலையத்தை இயக்குபவர் பார்க்க வேண்டிய எண் குளோரைடுதான்: குளத்தில் நீர் இருக்கும் வரை, கலவையில் 250ஐத் தொட்டால் ஆழ்குழாய்ப் பம்பைக் குறைக்க வேண்டும்.

எதிர்ச்சவ்வூடு பரவல் கருவி வைக்கலாம் என்ற யோசனை வந்தது. ஏற்கவில்லை. அதிலிருந்து வெளியேறும் உப்புநீரை விட இங்கே இடமில்லை. எந்த வாய்க்காலில் விட்டாலும் அது யாரோ ஒருவரின் நடவு வயலுக்குத்தான் போய்ச் சேரும்.

5. சுத்திகரிப்பு முறையும் அளவுகளும்

மெதுமணல் வடிகட்டி பராமரிக்க எளிது, மின்சாரமும் குறைவு. ஆனால் 350 கலங்கலை அது தாங்காது. அதனால் படிகாரம், திரட்டல், படிதல், விரைவுமணல் வடிகட்டி, குளோரின் என்ற வழக்கமான வரிசை. ஆழ்குழாய் நீரில் இரும்பு 1.1 மி.கி. இருப்பதால் அது மட்டும் முதலில் படிக்கட்டுக் காற்றூட்டியில் இறங்கி வரும்.

வடிவமைப்புக் கலங்கல் 400. ஜாடிச் சோதனையில் படிகாரம் 20 முதல் 60 மி.கி. வரை தேவைப்பட்டது. உச்சத்தில் நாளுக்கு 48 கிலோ. 60 மி.கி. படிகாரம் சுமார் 30 மி.கி. காரத்தன்மையைத் தின்னும். வெள்ளக் காலத்தில் இருக்கும் 90இல் 60 மிஞ்சும். ஆகவே சுண்ணாம்பு ஊட்டும் ஏற்பாடு வேண்டாம்.

விரைவுக் கலப்பு 45 விநாடி, 0.5 கன மீட்டர். திரட்டலுக்குத் தடுப்புச் சுவர்களுள்ள வாய்க்கால், 25 நிமிடம், வேகச்சரிவு விநாடிக்கு 45. சுழல் துடுப்பு வேண்டாம் என்றதற்குக் காரணம் மின்வெட்டு. வாய்க்காலில் ஓட்டமே கலக்கிவிடும். விலையாகக் கொடுப்பது சுமார் 0.26 மீட்டர் மட்ட இழப்பு. படிதொட்டி இரண்டு, தலா 16 சதுர மீட்டர், மேற்பரப்புச் சுமை நாளுக்கு சதுர மீட்டருக்கு 30 கன மீட்டர், தங்கும் நேரம் இரண்டரை மணி.

வடிகட்டியில் இரண்டு படுகை போதாதா என்று கேட்கலாம். ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். அதனால் 4 சதுர மீட்டரில் மூன்று படுகை. இரண்டு மட்டும் ஓடினாலும் வேகம் மணிக்கு 5 மீட்டர்தான். மணல் ஐ.எஸ். 8419படி, 0.45 முதல் 0.7 மில்லிமீட்டர், 75 சென்டிமீட்டர் கனம். முதலில் காற்று, பிறகு மணிக்கு 36 மீட்டர் வேகத்தில் 6 நிமிடம் நீர். ஒரு படுகைக்கு 14.4 கன மீட்டர். அதற்கு 20 கன மீட்டர் உயர்தொட்டி. வெள்ளக் காலத்தில் தினமும் கழுவ நேர்ந்தால் 3 விழுக்காடு இழப்பு 5.4 ஆகிவிடும். எனவே கழுவுநீரைத் தெளியவைத்து முகப்புக்கே திருப்புவோம். சேற்றை உலர்படுகையில் காயவைப்போம்.

குளோரினுக்கு ஐ.எஸ். 1065 பிளீச்சிங் பவுடர், 3 மி.கி. அளவில். இந்த ஈரக்காற்றில் பவுடரின் வீரியம் குறைவதால் 25 விழுக்காடு என்றே எடுத்து, நாளுக்கு 9.6 கிலோ. தெளிநீர்த் தொட்டி 120 கன மீட்டர், குறைந்தது 30 நிமிடத் தொடர்பு. கடைசித் தெருக் குழாயில் எஞ்சிய குளோரின் 0.2 மி.கி.க்குக் குறையக் கூடாது. வடிகட்டிய நீரின் கலங்கல் 1க்குள்.

6. கட்டுமானமும் மின்சாரமும்

தரைமட்டம் கடல்மட்டத்திலிருந்து 5.20 மீட்டர். ஊர்க்காரர்கள் சுவர்களில் காட்டிய வெள்ள அடையாளம் 6.05. தளம் 6.65இல். மண் கருங்களி, தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 70 கிலோநியூட்டன். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் தரையைத் தொடும். எனவே ஒவ்வொரு தொட்டியும் காலியாக இருக்கும்போது மிதக்காமல் இருக்க 1.2 பாதுகாப்புக் காரணி. கான்கிரீட் எம்30, ஐ.எஸ். 456, ஐ.எஸ். 3370படி. நிலநடுக்கம் ஐ.எஸ். 1893, மண்டலம் 2. காற்றுக்கு ஐ.எஸ். 875 பகுதி 3:2015, வேகம் விநாடிக்கு 50 மீட்டர். கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருப்பதாலும் புயலுக்குப் பிறகும் இயங்கியாக வேண்டிய கட்டடம் என்பதாலும் முக்கியத்துவக் காரணி 1.30.

2018 நவம்பர் 16இல் கஜா கரையைக் கடந்தபின் டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. நாளுக்கு 12 மணி நேரம், 5 நாளைக்கு ஓடும் 40 கே.வி.ஏ. ஜெனரேட்டரும் 420 லிட்டர் டீசலும் அதற்காகத்தான். செலவைக் குறைக்க இதில் கை வைக்க வேண்டாம்.

7. முரண்பட்டால் எது மேலோங்கும்

நீரின் தரத்துக்கு ஐ.எஸ். 10500:2012 திருத்தங்களோடு. பரிசோதனை ஐ.எஸ். 3025 வரிசை. சுத்திகரிப்பு அளவுகளுக்கு மத்தியப் பொது சுகாதார மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பின் 2024 கையேடு. படிகாரத்துக்கு ஐ.எஸ். 299. கழிவுநீர் வெளியேற்றத்துக்கு 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டம். சட்டம் முதலில், பிறகு நீர்த்தரம், பிறகு கையேடு, கடைசியில் இந்த அறிக்கை.

8. ஒப்பந்தப்புள்ளிக்கு முன் முடிய வேண்டியவை

குளத்தின் கசிவு 2 மில்லிமீட்டர் என்பது களிமண்ணை வைத்து எடுத்த அனுமானம். தூர்வாரும்போது மணல் திட்டு தட்டுப்பட்டால் அது செல்லாது. தூர்வாரிய குழிகளில் இதை அளக்க வேண்டும். உறிஞ்சு கிணற்றுச் சோதனையை மே கடைசி வாரத்தில் 72 மணி நேரம் திரும்ப நடத்த வேண்டும். மணிக்கு 18 கன மீட்டருக்குக் கீழே வந்தால், ஆழ்குழாயின் பங்கைக் கூட்டி ஈடுகட்டாமல், இரண்டாவது உறிஞ்சு கிணற்றைத் திட்டத்தில் சேர்த்துப் பகுதி 3ஐத் திருத்தி எழுத வேண்டும்.