பையன்களும் இருக்கட்டும்: மாதவிடாய் பற்றி எட்டாம் வகுப்பில் பேசியது

கடைசி வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். எனக்கு இன்று தொண்டை சரியில்லை.

சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், தப்பில்லை. இந்தப் பேச்சு நடக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடம் யாராவது ஒருவர் மேசைக்கடியில் பேனா தேடுவார். தேடி முடித்ததும் நிமிர்ந்தால் போதும்.

போன வாரம் ஒரு பெட்டி வைத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதச் சொன்னேன் இல்லையா? 31 சீட்டுகள் வந்திருக்கின்றன. முதலில் எடுத்தது இது: "இதைப் பெண்களுக்கு மட்டும் சொன்னால் போதாதா?"

நான் உங்கள் வயதில் இருந்தபோது அப்படித்தான் செய்தார்கள். பெண்களை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே வந்ததும் பையன்கள் என்னவென்று கேட்டார்கள், நாங்கள் சொல்லவில்லை. அவர்களாகவே எதையோ கற்பனை செய்துகொண்டார்கள். எனக்கோ அந்தக் கதவு சாத்துவதற்கு முன்பே பீரியட்ஸ் வந்துவிட்டிருந்தது. உடம்புக்குள் ஏதோ கிழிந்துவிட்டது என்று பயந்து, இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இன்று கதவு திறந்தே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. உங்கள் வயதில் அது இரண்டு ஹார்மோன்களை அதிகமாக அனுப்பத் தொடங்கும். அதே இரண்டு ஹார்மோன்கள்தான் பையன்களுக்கும் பெண்களுக்கும். பையன்களிடம் அவை விரைகளைத் தட்டி எழுப்புகின்றன. அதனால் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது, குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. பெண்களிடம் அவை போய்ச் சேருமிடம் சினைப்பைகள். ஆக, நேற்று ஒருவர் பாட்டுப் பாடும்போது குரல் திடீரென்று கீச்சிட்டதே, அதுவும் மாதவிடாயும் ஒரே இடத்திலிருந்து கிளம்பிய செய்திதான்.

இப்போது கரும்பலகையைப் பாருங்கள். நடுவில் இருப்பது கருப்பை. உங்கள் மூடிய கை அளவுதான் இருக்கும். இரண்டு பக்கமும் சினைப்பைகள். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவற்றில் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டைகள் இருக்கின்றன. வாழ்நாளில் வெளியே வருவது சுமார் 400தான்.

ஒவ்வொரு சுழற்சியிலும் பெரும்பாலும் ஒரு முட்டை முதிர்கிறது. அது முதிரும்போது சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அதைக் கேட்டுக் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது, புது ரத்தக் குழாய்கள் வளர்கின்றன. பிறகு முட்டை வெளியே வருகிறது. அதற்கு ஆயுள் ஒரு நாள்தான். அது கிளம்பிய இடம் சும்மா இருப்பதில்லை. புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரந்து, "கரு வரலாம், தயாராக இரு" என்று உட்சுவரைப் பக்குவப்படுத்துகிறது. கரு வந்தால் அந்தச் சுவரில்தான் ஒட்டி வளரும். நீங்கள், நான், தலைமையாசிரியர் எல்லோருமே அப்படி ஒட்டி வளர்ந்தவர்கள்தான்.

கரு வரவில்லை என்றால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்த ஹார்மோன் குறைந்துவிடும். உட்சுவர் உதிரத் தொடங்கும். உதிர்ந்த திசுவும் ரத்தமும் சேர்ந்து வெளியே வருவதுதான் மாதவிடாய்.

ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: "அதே சுவரை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா?" முடியாது. புரோஜெஸ்டிரோன் பட்டதும் அந்தச் செல்கள் கருவுக்காகவே உருமாறிவிடுகின்றன, பழைய நிலைக்குத் திரும்ப அவற்றால் ஆகாது. பெரும்பாலான விலங்குகளில் கரு வந்த பிறகுதான் இந்த மாற்றம் நடக்கும். மனித உடம்பு முன்கூட்டியே செய்துவிடுகிறது, அதனால்தான் உதிர்க்க வேண்டியிருக்கிறது. குரங்கினத்தில் பல, சில வௌவால்கள், முதுகில் முள் போன்ற மயிருள்ள எலி வகை ஒன்று என நமக்குத் துணையாக இருப்பவை கொஞ்சம்தான். வௌவாலுக்கு என்று சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்துவிட்டீர்கள்!

இன்னொரு சீட்டு: "அது கெட்ட ரத்தமா?" இல்லை. உடம்பில் ஓடும் அதே ரத்தம்தான். மெதுவாக வெளியே வந்தால் காற்றுப்பட்டுப் பழுப்பாகத் தெரியும், அவ்வளவே. அளவும் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. எல்லா நாளும் சேர்த்துப் பொதுவாக 30 முதல் 40 மில்லி, அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி.

வலியைப் பற்றி மட்டும் எட்டுச் சீட்டுகள். உதிரும் திசுவில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது கருப்பையின் தசையைப் பிழிய வைக்கிறது. தசை இறுகும்போது அதற்குள் ரத்த ஓட்டம் குறைகிறது, வலிக்கிறது. அது நடிப்பில்லை. ஒருவருக்கு லேசாக இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு நிற்கவே முடியாது. சூடான ஒத்தடமும் கொஞ்சம் நடப்பதும் பலருக்கு உதவும். ஆனால் மாதாமாதம் பள்ளிக்கு வர முடியாத அளவுக்கு வலித்தால் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று விடாதீர்கள், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இது குழந்தை பெறுவதற்கான ஏற்பாடு மட்டும்தானா என்றால், இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம். சாப்பாடு மிகவும் குறைந்தால், பயிற்சி அளவு மீறினால், தைராய்டில் கோளாறு இருந்தால் சுழற்சி மாறும், சில சமயம் நின்றே போகும். ஆகவே தொடங்கிய தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். உங்கள் வயதில் 21 முதல் 45 நாள் இடைவெளி சாதாரணம், முதல் ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாகத்தான் வரும். மூன்று மாதம் வராமல் போனாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ, 15 வயதாகியும் தொடங்காவிட்டாலோ கேட்டுவிட வேண்டும். நிறைய ரத்தம் போனால் இரும்புச்சத்து குறையும், வகுப்பில் தூக்கம் தூக்கமாக வரும். சோம்பேறி என்று நாங்கள் திட்டியவர்களில் சிலருக்கு அதுதான் காரணமாக இருந்திருக்கும்.

குளிக்கலாம், ஓடலாம், விளையாடலாம். பேடை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், கையை முன்னும் பின்னும் கழுவுங்கள். பழையதைத் தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், கழிப்பறைக்குள் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். முதலுதவி அறை அலமாரியில் எப்போதும் பேட் இருக்கும். பூட்டு கிடையாது, காரணம் எழுதவும் வேண்டாம்.

இனி பையன்களுக்கு. யாருடைய உடையிலாவது கறை தெரிந்தால் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லுங்கள், அல்லது அவருடைய தோழியிடம் சொல்லுங்கள். இடுப்பில் கட்டிக்கொள்ள ஸ்வெட்டர் இருந்தால் கொடுங்கள். ஒரு பெண் கோபப்பட்டால் "அந்த நாளா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பெரும்பாலும் கோபத்துக்குக் காரணம் நீங்களாகத்தான் இருக்கும்.

கடைசிச் சீட்டு. கையெழுத்து மோசம், கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது: "அக்காவுக்கு வலிக்கும்போது நான் என்ன செய்ய?"

அக்காவிடமே கேளப்பா. ஒருவருக்கு வெந்நீர்ப் பை வேண்டியிருக்கும், இன்னொருவருக்குக் கொஞ்ச நேரம் தனியாகப் படுத்திருந்தால் போதும் என்றிருக்கும். அவர் சொன்னதைச் செய்.

பெட்டி இந்த மேசையிலேயே இருக்கும். அடுத்த வியாழக்கிழமை மறுபடி திறப்பேன்.