மூன்று நாள் கலைவிழா: வந்தவர்களிடம் சில கேள்விகள்

வணக்கம். விழா முடிந்து ஒரு வாரம் ஆகிறது. பந்தலைப் பிரித்தாயிற்று, வாடகை நாற்காலிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்தாயிற்று. அடுத்த விழாவுக்கான முதல் கூட்டம் வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் உங்கள் பதில்கள் எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

"அருமையாக இருந்தது" என்று நிறையப் பேர் சொன்னீர்கள். சந்தோஷம்தான். ஆனால் எது அருமை, எங்கே சலித்துப் போனீர்கள் என்று தெரிந்தால்தான் எங்களால் எதையாவது மாற்ற முடியும். குறை சொன்னால் மனம் நோகுமோ என்று தயங்க வேண்டாம்.

பெயர் எழுத வேண்டாம். பத்து நிமிடம் போதும். விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம். குடும்பமாக வந்திருந்தால் ஆளுக்கு ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி பார்த்த விழாவும் பேரன் பார்த்த விழாவும் ஒன்றல்ல.

உங்கள் வருகை

1. எந்தெந்த நாள் வந்தீர்கள்? (பொருந்துவதை எல்லாம் வட்டமிடுங்கள்)
வெள்ளி மாலை / சனி பகல் / சனி மாலை / ஞாயிறு பகல் / ஞாயிறு மாலை

2. யாருடன் வந்தீர்கள்?
தனியாக / நண்பர்களுடன் / சிறு குழந்தைகளுடன் / வயதானவர்களுடன்

3. விழா நடப்பது எப்படித் தெரிந்தது?
சுவரொட்டி / தெரிந்தவர் சொல்லி / வாட்ஸ்அப் / அந்த வழியாகப் போனபோது

4. நினைத்ததைவிட முன்னதாகக் கிளம்பினீர்களா? ஆம் என்றால், என்ன காரணம்? எல்லாத் தாள்களிலும் நாங்கள் முதலில் படிக்கப்போவது இந்தப் பதிலைத்தான். கடைசிவரை இருந்தவர்களை நேரில் பார்த்துப் பேசிவிட்டோம். பாதியில் போனவர்களிடம் கேட்க முடியவில்லை.

மனதில் நின்றவை

5. வீட்டுக்குப் போனபின் விழாவில் பார்த்த எதைப் பற்றியாவது யாரிடமாவது பேசினீர்களா? எதைப் பற்றி?

6. கீழே உள்ளவற்றில் இரண்டை மட்டும்தான் அடுத்த விழாவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எவற்றைத் தேர்ந்தெடுப்பீர்கள்? இரண்டே இரண்டு. எல்லாம் வேண்டும் என்று எழுதினால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.
பெரிய மேடைக் கச்சேரிகள் / சிறிய மேடையில் புதியவர்கள் / ஓவியக் கண்காட்சி / குழந்தைகள் பட்டறை / கதை சொல்லும் கூடாரம்

7. பார்க்க நினைத்து, பார்க்காமல் விட்டது எது? ஏன்?
ஒரே நேரத்தில் வேறொன்று இருந்தது / எங்கே என்று தெரியவில்லை / கூட்டம் அதிகம் / நேரம் மாறியது தெரியவில்லை

சிரமப்பட்ட இடங்கள்

8. சனிக்கிழமை மாலை மழையால் பெரிய மேடை 50 நிமிடம் நின்றது. மழைக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் முதல் 20 நிமிடம் ஒரு அறிவிப்பும் வரவில்லை. மின்சாரத்தோடு மைக்கும் போய்விட்டது, கை ஒலிபெருக்கி ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அது எங்கள் தவறு. அப்போது நீங்கள் அங்கே இருந்தீர்களா? என்ன நடக்கிறது என்பது எப்படித் தெரிந்தது? காத்திருந்தீர்களா, கிளம்பிவிட்டீர்களா?

9. கதைக் கூடாரத்தில் இருந்தபோது பெரிய மேடையின் சத்தம் கேட்டதா?
இல்லை / கேட்டது, பரவாயில்லை / கதையே காதில் விழவில்லை

10. நீங்களோ உடன் வந்தவரோ சக்கர நாற்காலி, கைத்தடி, குழந்தை வண்டி வைத்திருந்தீர்களா? எங்கே தடுமாற வேண்டியிருந்தது? சாய்தளம் எதில் இருந்தது, எதில் இல்லை என்று எங்களுக்கே தெரியும். அதைத் தாண்டி, நாங்கள் கவனிக்காத படி, கேபிள், மணல், இருட்டு மூலை எதுவானாலும் எழுதுங்கள்.

11. மதிப்பெண் போடுங்கள் (1 மிக மோசம், 5 மிக நன்று): கழிப்பறை, குடிநீர், உட்காரும் இடம், வண்டி நிறுத்தம், வழிகாட்டிப் பலகைகள். 1 அல்லது 2 போட்டால், எந்த நாள், எத்தனை மணி வாக்கில் என்றும் சேர்த்து எழுதுங்கள். நேரம் தெரிந்தால்தான் அந்த வேளைக்குக் கூடுதல் ஆள் போட முடியும்.

12. தன்னார்வலர் யாரிடமாவது உதவி கேட்டீர்களா? கிடைத்ததா?

அடுத்த முறை

13. அதே பணம், அதே ஆள்பலம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் செய்யலாம் என்றால் எது?
நிகழ்ச்சிகளைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுவது / மூன்று நாளை இரண்டாக்குவது / மேடைகளைத் தள்ளித் தள்ளி அமைப்பது / பெரிய கலைஞர் ஒருவரைக் குறைத்து அந்தப் பணத்தைக் கூரைக்கும் இருக்கைக்கும் செலவிடுவது
குழுவிலேயே இதில் நாலு விதமான கருத்து இருக்கிறது, அதனால்தான் கேட்கிறோம்.

14. எதை மாற்றினால் நீங்கள் வருவதையே நிறுத்திவிடுவீர்கள்?

15. இங்கே கேட்காமல் விட்டது ஏதாவது? தாளின் பின்பக்கம் முழுவதும் உங்களுக்குத்தான்.

முடித்ததும் தாளை மடித்து, நூலக வாசலில் இருக்கும் மஞ்சள் பெட்டியில் போடுங்கள். அடுத்த விழாவில் தன்னார்வலராக வர விருப்பமா? பெயரையும் எண்ணையும் தனிச் சீட்டில் எழுதிப் பக்கத்திலுள்ள பச்சைப் பெட்டியில் போடுங்கள். இந்தத் தாளோடு இணைக்க வேண்டாம், அப்புறம் யார் என்ன எழுதினார்கள் என்று தெரிந்துவிடும்.

விழாக் குழு