பிளாக் 12 செம்பனை அறுவடை அறிக்கை: உங்கள் முதல் வரைவு பற்றி

தம்பி கவின்,

அறிக்கையை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் பக்கத்து அட்டவணை அருமை. ஒவ்வொரு பகுதியிலும் வெட்டிய தேதி, பார்த்த குலைகள், காய்க்குலைகள், மரத்தடியில் கிடந்த உதிரிப் பழத்தின் எடை என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். மட்டை இடுக்கில் சிக்கிய பழத்தையும் விடாமல் குறித்திருக்கிறீர்கள். சுங்கை சிப்புட் வெயிலில் குனிந்து நிமிர்ந்து இதை எடுப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

இனி, திருத்த வேண்டியவை. முக்கியமானது, முடிவுரையில் வரும் இந்த வரி: "தொழிலாளர்களின் அலட்சியத்தால் காய்க்குலைகளும் உதிரிப் பழ இழப்பும் அதிகம்." இதற்கு அறிக்கையில் ஆதாரம் இல்லை. உங்கள் அட்டவணையே வேறு கதை சொல்கிறது. பார்த்த 200 குலைகளில் காய் 14. அதில் 11 மூன்றாம் பகுதியில். அங்கே முந்தைய வெட்டு முடிந்து 8 நாள்தான் ஆகியிருந்தது. உதிரிப் பழம் அதிகம் கிடந்தது ஐந்தாம் பகுதியில்; அங்கே வெட்டுச் சுற்று 19 நாள் இழுத்துவிட்டது. வழக்கமாக 10 முதல் 14 நாளுக்குள் திரும்பி வருவோம். சீக்கிரம் போனால் குலை பழுத்திருக்காது, தாமதித்தால் பழம் தானாகக் கொட்டும். இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஒரே வரியில் சேர்க்காதீர்கள்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "14 காய்க்குலைகளில் 11 குலைகள், முந்தைய வெட்டு முடிந்து 8 நாளில் வெட்டிய மூன்றாம் பகுதியில் இருந்தன. சுற்று இடைவெளி காரணமா என்று அடுத்த வெட்டில் பார்க்க வேண்டும்." தெரிந்தது எது, சந்தேகம் எது என்று படிப்பவருக்குப் புரியும். ஒருவர் வேலையைக் குறை சொல்லும் வரி மேனேஜர் மேசைக்குப் போகிறது தம்பி, அதில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம், எதைக் காய் என்று கணக்கிட்டீர்கள்? நிறத்தை வைத்தா, பழம் உதிர்ந்த குழியை எண்ணியா? பழுத்த குலை என்றால் புதிதாக உதிர்ந்த குழி 10 ஆவது இருக்க வேண்டும். குழியே இல்லாதது காய், 10-க்குக் குறைந்தால் அரைப்பழம். அரைப்பழத்தையும் காயில் சேர்த்திருந்தால் 14 என்ற எண் மாறும். எப்படிப் பார்த்தீர்கள், சாலையோர மரங்கள் மட்டுமா உள்வரிசையுமா என்று அட்டவணைக்கு மேலே இரண்டு வரி போடுங்கள்.

அட்டவணைப்படி காய்க்குலை 7 விழுக்காடு. நான்காம் பக்கத்தில் 8 என்று இருக்கிறது, சரிசெய்யுங்கள்.

1917-இல் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை நட்ட வரலாறு நன்றாக இருந்தாலும் முதல் பக்கத்தில் வேண்டாம், எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கண்டது என்ன, செய்ய வேண்டியது என்ன என்று நான்கு வரி போதும்.

எண்கள் உங்கள் கையில் இருக்கின்றன. புதிதாக ஒன்றும் அளக்க வேண்டியதில்லை. வியாழன் மாலைக்குள் அனுப்புங்கள். குழிக் கணக்கில் சந்தேகம் இருந்தால் நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் ரேம்புக்கு வாருங்கள், குலையைக் கையில் வைத்தே பார்த்துவிடலாம்.

செல்வம்
துணை மேலாளர்